பட்டியலா, எழுத்துப்படியா, நிறுத்தி ஊகிப்பதா? விரிவுரையில் அடுத்த திருப்பத்தைப் பிடிக்க மூன்று வழிகள்

சுங்கை சிப்புட்டில் என்னிடம் டியூஷனுக்கு வரும் ஆறாம் படிவப் பிள்ளைகள் மூவெட் ஆங்கிலத் தேர்வு நெருங்கும்போது, ஒலிப்பதிவில் வரும் விரிவுரையைப் பற்றி ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சார், ஒவ்வொரு வாக்கியமும் புரியுது. ஆனா அவர் எப்போ அடுத்த பாயிண்டுக்குப் போனாருன்னுதான் தெரியல. நான் இரண்டாவதுல நிக்கிறேன், அவர் நாலாவதுல இருக்காரு." ஐயெல்ட்ஸ் எழுதப் போகிறவர்களுக்கு இது இன்னும் சுடும். அதன் கேட்டல் தேர்வில் நான்காம் பகுதி முழுக்க ஒருவரே பேசும் விரிவுரை. பத்துக் கேள்விகள், நடுவில் இடைவெளி கிடையாது, ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும்.

பேசுபவர் எங்கே திரும்பப்போகிறார் என்பதை முன்கூட்டியே காட்டுபவை கைகாட்டித் தொடர்கள். "மூவிங் ஆன் டு", "ஹேவிங் செட் தட்", "தட் பிரிங்ஸ் மி டு" போன்றவை. இவற்றைக் கவனிக்கவேண்டும் என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். எப்படிப் பழகுவது என்பதில்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள். ஒரு ஆசிரியர் பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார். இன்னொருவர், பேச்சை அப்படியே எழுதிவைத்த எழுத்துப்படியைப் பார்த்துக் கோடு போடச் சொல்கிறார். மூன்றாமவர் ஒலிப்பதிவை நிறுத்தி நிறுத்தி ஊகிக்கச் சொல்கிறார். மூன்றையும் செய்ய யாருக்கும் நேரமில்லை.

எதை வைத்து எடை போடுவது

முதலில், அந்தத் தொடர் காதில் விழுகிறதா? தாளில் பார்த்தால் தெரியும் தொடர், பேச்சில் உருத்தெரியாமல் தேய்ந்துவிடும். "ஐம் கோயிங் டு மூவ் ஆன்" என்று எழுதியிருப்பதை விரிவுரையாளர் "ஐம்கனா மூவான்" என்று ஒரே மூச்சில் விழுங்கிவிடுவார்.

இரண்டாவது, ஊகம் எவ்வளவு கூர்மையாக இருக்கிறது? "ஏதோ மாறப்போகிறது" என்று தெரிந்தால் போதாது. வரப்போவது காரணமா, உதாரணமா, மறுப்பா? ஒரு வாக்கியத்தில் முடியுமா, ஐந்து நிமிடம் ஓடுமா? இந்த இரண்டும் தெரிந்தால்தான் பேனாவுக்கு வேலை கிடைக்கும்.

மூன்றாவது, ஊகம் தப்பினால் மீண்டு வர முடிகிறதா? என் கணக்கில் இதற்குத்தான் எடை அதிகம். விரிவுரையாளர்களும் மனிதர்கள்தானே. "மூன்று காரணங்கள்" என்று தொடங்கி இரண்டோடு நிறுத்துவார்கள். "ஃபர்ஸ்ட்லி" வரும், "செகண்ட்லி" கடைசிவரை வராது. "தி அதர் திங்" என்று ஒன்று வந்துபோகும், அதுதான் இரண்டாவது என்று நாமே கண்டுகொள்ள வேண்டும்.

நேரம், துணைக்கு ஆள், மொபைல் டேட்டா ஆகிய செலவுகளும் உண்டு. அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

வழி 1: பட்டியலை மனப்பாடம் செய்வது

செலவு மிகக் குறைவு. ஒரு தாள் போதும், பஸ்ஸில் ஈப்போ போகும்போதே படித்துவிடலாம். வரிசை, எதிர்மறை, காரணம், உதாரணம், முடிவு என்று பிரித்து அறுபது எழுபது தொடர்கள் உள்ள அச்சுத்தாள் எல்லா டியூஷன் மையங்களிலும் கிடைக்கும்.

மறைந்திருக்கும் குறை இதுதான். அந்தப் பட்டியல்களில் பெரும்பாலானவை கட்டுரை எழுதுவதற்கானவை. "ஃபர்தர்மோர்", "மோர்ஓவர்", "இன் அடிஷன்" எல்லாம் தாளில் அழகாக இருக்கும். வகுப்பில் நின்று பேசும் ஒருவர் இவற்றை அபூர்வமாகத்தான் சொல்வார். அவர் வாயில் வருவது "ஓகே, சோ", "ரைட்", "நௌ", "எனிவே". பட்டியல் தயாரிப்பவர்கள் இவற்றைச் சும்மா வரும் அசைச்சொற்கள் என்று தள்ளிவிடுவார்கள். பெரிய திருப்பங்கள் பலவும் இவற்றில்தான் நடக்கின்றன.

இன்னொரு சிக்கல், ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை. "சோ" என்பது "ஆகவே" என்றும் வரும், "சரி, அடுத்ததுக்குப் போவோம்" என்றும் வரும். "நௌ" என்பது "இப்போது" என்றும் வரும், புதுத் தலைப்பின் வாசலாகவும் வரும். தாளில் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் குரலில் இருக்கிறது. தலைப்பு மாறும் "நௌ"வுக்கு முன்னால் குரல் தாழ்ந்து இறங்கும், ஒரு இடைவெளி விழும், பிறகு குரல் சட்டென்று மேலே ஏறித் தொடங்கும். பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும் இது கிடைக்காது.

முதல் அளவுகோலில் இந்த வழி தோற்கிறது. இரண்டாவதில் பாதி தேறும். மூன்றாவது அதற்குச் சம்பந்தமே இல்லாத விஷயம்.

ஆனாலும் இதைத் தூக்கிப் போடச் சொல்லமாட்டேன். தேர்வுக்கு இரண்டே வாரம் இருந்தால், அல்லது "ஹேவிங் செட் தட்" என்றால் என்னவென்றே தெரியாத நிலையில் இருந்தால், பட்டியலில்தான் தொடங்க வேண்டும். எழுபது வேண்டாம், பன்னிரண்டு போதும். வகை பிரித்து எழுதாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பேனா என்ன செய்யவேண்டும் என்று எழுதுங்கள். "தேர் ஆர் த்ரீ" என்றால் 1, 2, 3 என்று இடம் விட்டு எழுது. "பை த வே" என்றால் பேனாவைக் கீழே வை. "கெட்டிங் பேக் டு" என்றால் எடு. "ஹேவிங் செட் தட்" என்றால் மேலே எழுதியதற்குப் பக்கத்தில் ஒரு "ஆனால்" போடு. பொருளை மட்டும் மனப்பாடம் செய்தவன் அதை நினைவுபடுத்திக்கொண்டிருக்கும்போதே அடுத்த வாக்கியம் போய்விடும். கைக்கு வேலை தெரிந்திருந்தால் அந்தத் தாமதம் இல்லை.

வழி 2: எழுத்துப்படியில் கோடு போட்டுக் கேட்பது

ஆறு முதல் எட்டு நிமிட விரிவுரை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், எழுத்துப்படியோடு. எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேரில் பல பாடங்களுக்கு ஒலியும் எழுத்தும் இலவசமாகவே இருக்கின்றன. யூடியூப் தானாகப் போடும் எழுத்துகளை நம்பாதீர்கள். வாக்கியம் எங்கே முடிகிறது என்பதே அவற்றில் பல நேரம் தெரியாது.

இரண்டு நிறப் பேனா வேண்டும். தலைப்பையே மாற்றும் பெரிய தொடர்களுக்கு ஒரு நிறம்: "வாட் ஐட் லைக் டு லுக் அட் நெக்ஸ்ட்", "சோ தட்ஸ் த பேக்ரவுண்ட்" போன்றவை. வாக்கியத்தோடு வாக்கியத்தை ஒட்டும் சிறு சொற்களுக்கு இன்னொரு நிறம்: "பட்", "பிகாஸ்", "தென்". முதலில் படித்துக் கோடு போடுங்கள். பிறகு படியைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். கடைசியாக, தாளைக் கவிழ்த்துவிட்டுக் கேளுங்கள்.

நிறம் பிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1986-இல் சோட்ரனும் ரிச்சர்ட்ஸும் செய்த ஆய்வில், பெரிய தொடர்கள் உள்ள விரிவுரையை மாணவர்கள் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள்; சிறு சொற்களால் அந்த அளவுக்குப் பலன் இல்லை. பிறகு 1995-இல் ஃபிளவர்டியூவும் டௌரோசாவும் ஹாங்காங் மாணவர்களை வைத்துப் பார்த்தபோது, சிறு சொற்களை நீக்கிவிட்டால் புரிதல் குறைந்தது. எனவே சிறியவை வீண் என்று சொல்ல முடியாது. நேரம் குறைவாக இருந்தால் பெரியவற்றுக்கு முதலிடம் கொடுங்கள், அவ்வளவுதான்.

இந்த வழியின் பலம் முதல் அளவுகோலில். "ஐம்கனா மூவான்" என்ற சத்தத்தையும் தாளில் உள்ள எழுத்தையும் ஒரே நேரத்தில் சந்திக்கும்போதுதான் காது பழகுகிறது. குரல் ஏறும் இடத்தில் ஒரு மேலம்பு போட்டுப் பாருங்கள். ஒரே பேச்சாளரின் இரண்டு விரிவுரைகளுக்குப் பிறகு, அவருக்கென்று உள்ள பழக்கம் தெரிந்துவிடும். சிலர் "ஓகே" சொல்லித் திரும்புவார்கள், சிலர் கேள்வி கேட்டுத் திரும்புவார்கள். பல்கலைக்கழகத்தில் ஒரே விரிவுரையாளர் பதினான்கு வாரம் வருவார், அங்கே இந்தக் கவனிப்புக்கு மிகுந்த பயன் உண்டு.

மறைந்த செலவு கொஞ்சம் பெரியது. தாளை முன்பே படித்துவிட்டால் அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிடுகிறது. அப்புறம் ஊகிக்க என்ன இருக்கிறது? தாளைக் கவிழ்த்துக் கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். அதில் பாதி, படித்தது நினைவுக்கு வருவதுதான். காதுதான் தேறியதா என்று சோதிக்க ஒரே வழி, அதே பேச்சாளரின் வேறொரு விரிவுரையைத் தாளே இல்லாமல் கேட்டு, திருப்பங்களை மட்டும் கோடு போட்டு எண்ணி, பிறகு படியோடு ஒப்பிடுவது.

வழி 3: நிறுத்தி, ஊகித்து, தொடர்வது

கைகாட்டித் தொடர் வந்ததும் ஒலியை நிறுத்த வேண்டும். தாளில் இரண்டே விஷயம் எழுத வேண்டும்: வருவது என்ன வகை, எவ்வளவு நீளம். பிறகு ஓடவிட்டு, சரியா தப்பா என்று பார்க்க வேண்டும்.

வகுப்பில் நானே எழுதி வாசிக்கும் ஒரு துண்டை வைத்துக் காட்டுகிறேன். ரப்பர் மரத்தைப் பற்றியது. எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு மாறிவிட்டாலும், பால்மரம் வெட்டிய பாட்டி இல்லாத வீடு இங்கே குறைவு.

பேச்சு இப்படித் தொடங்கும்: "ஓகே, சோ தட்ஸ் த ஸ்ட்ரக்சர் ஆஃப் த பார்க்." நிறுத்தம். இது பின்னால் பார்க்கும் தொடர். பட்டையின் அமைப்பு முடிந்தது என்று கதவைச் சாத்துகிறது. முன்னால் என்ன என்று சொல்லவில்லை, ஆனால் புதுத் தலைப்பு வருவது உறுதி. எழுத வேண்டியது: "புதுத் தலைப்பு, நீளம்."

அடுத்தது: "நௌ, வை டு டாப்பர்ஸ் ஸ்டார்ட் பிஃபோர் டான்?" வெட்டுபவர்கள் ஏன் விடியுமுன் தொடங்குகிறார்கள்? விரிவுரையில் வரும் கேள்வி நம்மிடம் கேட்கப்படுவதில்லை. அடுத்த பத்தியின் தலைப்பு அதுதான். "காரணம், நீளம்" என்று எழுதலாம்.

அடுத்ததில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். "யூ மைட் திங்க் இட்ஸ் பிகாஸ் இட்ஸ் கூலர் ஃபார் த வொர்க்கர்." வெயில் வருமுன் வேலை செய்தால் வெட்டுபவருக்குக் குளுமை என்று நினைப்பீர்கள், என்கிறார். போன பருவத்தில் ஒரு மாணவி இங்கே நிறுத்தச் சொல்லாமல் "காரணம்: குளுமை" என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டாள். "எங்க பாட்டி அதைத்தான் சார் சொல்வாங்க!" பாட்டி சொன்னதில் பிழையில்லை. ஆனால் "யூ மைட் திங்க்" என்ற தொடர், சொல்லப்போவதை அடுத்த மூச்சில் தள்ளிவைக்கவே வருகிறது. பட்டிமன்றத்தில் ஒருவர் "எதிரணி நண்பர்கள் சொல்லலாம்..." என்று இழுத்தால் நாம் அடுத்த அடிக்குத் தயாராகிறோம் அல்லவா, அதே வேலைதான் இது. "இட் யூஸ்ட் டு பி தாட்" என்பதும் இந்த வகைதான். எழுத வேண்டியது: "மறுப்பு வரும், உண்மையான காரணம் 'பட்'டுக்குப் பின்னால்."

அப்படியே வருகிறது. "தட்ஸ் பார்ட் ஆஃப் இட். பட் த மெயின் ரீசன் இஸ் பிரஷர்." இரவில் இலைகள் நீரை அதிகம் இழப்பதில்லை. அதனால் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் விடியுமுன் உச்சத்தில் இருக்கும், வெட்டினால் பால் வேகமாக ஓடும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கும், அழுத்தம் இறங்கும், பால் குறையும். "பார்ட் ஆஃப் இட்" என்பதையும் கவனியுங்கள். முன்னதை முழுக்க மறுக்கவில்லை, இரண்டாம் இடத்துக்கு இறக்குகிறது. தேர்வில் "முதன்மைக் காரணம் எது" என்று கேட்பது இதை வைத்துத்தான்.

பிறகு "இன்சிடென்ட்லி" என்று ஒரு கிளை: மழை நாளில் வெட்டுவதில்லை, ஏனென்றால் ஈரப்பட்டையில் பால் வெட்டுக்கோட்டில் இறங்காமல் பரவி வழிந்துவிடும். சுவையான செய்திதான், ஆனால் கிளை. "எனிவே" என்றதும் கிளை முடிகிறது. பலர் "எனிவே" கேட்டதும் பேச்சு முடியப்போகிறது என்று எழுதுகிறார்கள். பிரதான சாலைக்குத் திரும்புகிறார் என்றுதான் எழுத வேண்டும். அடுத்து, "விச் பிரிங்ஸ் மி டு வை த ஃப்ளோ ஸ்டாப்ஸ்." பால் ஏன் நிற்கிறது? மீண்டும் ஒரு கேள்வி, மீண்டும் "காரணம், நீளம்". சில மணி நேரத்தில் குழாயின் வாய் உறைந்து அடைபடுவதைச் சொல்லித் துண்டு முடியும்.

இதில் பெரிய செலவு நேரம். ஆறு நிமிடப் பேச்சுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. நிறுத்துபவர் நீங்களே என்றால், காதில் விழுந்த தொடரில்தான் நிறுத்துவீர்கள். விழாதது விழாததாகவே போய்விடும், தெரியவும் தெரியாது. அதனால் நிறுத்துவதற்கு வேறு ஆள் வேண்டும். அவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரிய வேண்டிய அவசியமில்லை. கோடு போட்ட எழுத்துப்படியைக் கையில் கொடுத்து, கோடு வரும் இடத்தில் போனை நிறுத்தச் சொன்னால் இரண்டாம் படிவத் தம்பிகூடச் செய்துவிடுவான். நடுநடுவே கோடில்லாத இடத்திலும் நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே "திருப்பம் இல்லை, இதுவே தொடரும்" என்று எழுதத் தெரியவேண்டும்.

இன்னொரு குறை, நிறுத்தம் தரும் சுகம். நிஜ விரிவுரையில் யாரும் நமக்காக நிற்கமாட்டார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து நிறுத்துவதை விட்டுவிட்டு, தொடர் வந்ததும் தாள் ஓரத்தில் ஒரு குறி மட்டும் போட்டுக்கொண்டு போக வேண்டும்: மறுப்புக்கு ஒரு பெருக்கல் குறி, கிளைக்கு ஒரு அடைப்புக்குறி, புதுத் தலைப்புக்கு ஒரு நீளக் கோடு.

மூன்றாம் அளவுகோலில் இந்த வழிக்கு ஈடு கிடையாது. தப்பாக ஊகிப்பது இங்கே பாடத்தின் பகுதி. "மறுப்பு" என்று எழுதி உதாரணம் வந்தால், அதை அடித்துவிட்டுத் தொடரப் பழகுகிறீர்கள். ஐயெல்ட்ஸில் கேள்விகள் பேச்சின் வரிசையிலேயே வரும். 33-க்கு விடை கிடைக்காமலே புதுத் தலைப்பின் தொடர் கேட்டுவிட்டால், 33-ஐ விட்டுவிட்டு 34-க்குப் போகவேண்டும் என்று கை தானாக அறிய வேண்டும். 33-ஐக் கட்டிக்கொண்டு அழுபவர்கள் 34, 35-ஐயும் சேர்த்து இழக்கிறார்கள்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பட்டியல் | எழுத்துப்படி | நிறுத்தி ஊகிப்பது |
|---|---|---|---|
| காதில் விழ உதவுமா | இல்லை | மிக நன்றாக | ஓரளவு, ஆள் துணை இருந்தால் |
| ஊகத்தின் கூர்மை | பொருள் மட்டும் | குறைவு, முன்பே படித்துவிடுவதால் | வகை, நீளம் இரண்டும் |
| தப்பினால் மீள்வது | பழக்கம் இல்லை | பழக்கம் இல்லை | இதுதான் முக்கியப் பயிற்சி |
| செலவு | ஒரு தாள் | எழுத்துப்படி, கொஞ்சம் டேட்டா | நிறைய நேரம், ஒரு ஆள் |

யாருக்கு எது

முதலில் ஒரு சின்னச் சோதனை. ஐந்து நிமிட விரிவுரை ஒன்றைக் கேட்டு, திருப்பம் என்று தோன்றும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள். பிறகு எழுத்துப்படியில் எண்ணிப் பாருங்கள். பாதிக்கும் குறைவாகப் பிடித்திருந்தால் உங்கள் குறை காதில் இருக்கிறது. எழுத்துப்படி வழியில் இரண்டு வாரம் இருங்கள். ஊகிப்பதில் இப்போதைக்கு நேரத்தைச் செலவழிக்காதீர்கள், கேட்காததை வைத்து எதை ஊகிப்பது?

பாதிக்கு மேல் பிடித்தும் கேள்விகளில் தப்பு வந்தால், நேரே மூன்றாவது வழிக்குப் போங்கள். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது கூட்டம்தான். அவர்களுக்கு இன்னொரு பட்டியல் கொடுப்பது நேரக் கேடு. பட்டியல் மட்டும் என்ற முடிவு, தேர்வு அடுத்த வாரம் என்பவருக்கும், தொடர்களின் பொருளே தெரியாதவருக்கும்தான். அதுவும் பன்னிரண்டு தொடர்கள், பேனாவின் வேலையோடு.

தெரிந்த பாடத்தை வைத்துப் பயிற்சி செய்வதா, தெரியாததை வைத்தா என்றும் கேட்பார்கள். தொடக்கத்தில் தெரிந்தது நல்லது, சொற்கள் தடுக்காது. ஆனால் அந்தப் பாட்டியின் பேத்திக்கு நடந்த மாதிரி, தெரிந்த விடை கைகாட்டியை மறைத்துவிடும். அதனால் மூன்றாம் வாரத்திலிருந்து பாதியாவது தெரியாத பாடமாக இருக்கட்டும். கடல் அடியோட்டமோ, பழைய கட்டிடக்கலையோ, எதுவாக இருந்தாலும் சரி. பொருள் பாதிதான் புரிந்தாலும், எங்கே திரும்பினார் என்று ஓரக்குறியில் சரியாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.